பல துறை வாடிக்கையாளர்கள், ஒரே கவர் லெட்டர்: ரிமோட் நிறுவனத்தின் நீண்டகால ஒப்பந்தப் பணிக்கு எப்படி எழுதுவது?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். 2018 முதல் மதுரையிலிருந்து ஃப்ரீலான்ஸ் முறையில் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதிவருகிறேன். மென்பொருள் கையேடு, ஏபிஐ ஆவணம், இயந்திரத்தோடு வரும் பயன்பாட்டுக் குறிப்பு என்று எது வந்தாலும் எழுதியிருக்கிறேன்.

இப்போது ஒரு ஜெர்மானிய நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறேன். இணையக் கடைகளுக்குப் பணம் வசூலித்துத் தரும் மென்பொருளை அவர்கள் தயாரிக்கிறார்கள். அலுவலகமே இல்லை, எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். ஒப்பந்தம் 12 மாதம், வாரத்துக்கு 30 மணி நேரம், நீட்டிக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு நாளில் நான்கு மணி நேரமாவது பெர்லின் நேரத்தோடு பொருந்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

நான் எழுதி வைத்திருக்கும் ஆங்கிலக் கடிதத்தின் முக்கியப் பத்தியைத் தமிழில் தருகிறேன்:

> "ஜவுளி ஏற்றுமதி, மருத்துவமனை நிர்வாகம், வேளாண் பம்புகள், இணையப் பணப்பரிமாற்றம், கல்வி ஆகிய பல துறை வாடிக்கையாளர்களுக்குப் பணியாற்றியுள்ளேன். இதனால் எந்தத் துறையையும் விரைவாகக் கற்றுக்கொள்ளும் திறன் எனக்கு உண்டு. தேவைப்பட்டால் எந்த நேரத்திலும் பணியாற்றத் தயாராக இருக்கிறேன்."

வாசிக்கும்போதே சிதறலாகத் தெரிகிறது. ஆனால் இந்த வேலைகள் எல்லாவற்றையும் நான் மனமொன்றித்தான் செய்தேன். எதையும் ஒளிக்க மனமில்லை. இவை அனைத்தும் ஒரே ஆளின் வேலை என்று எப்படிக் காட்டுவது?

நொய்யல்

தோழி, அவர்கள் பணப்பரிமாற்ற நிறுவனம். உங்களிடம் பணப்பரிமாற்ற வாடிக்கையாளர் ஒருவர் இருந்திருக்கிறார். அவரைப் பற்றி மட்டும் எழுதுங்கள். பம்பையும் பனியனையும் ஜெர்மனியில் யார் கேட்டார்கள்? தொடர்பில்லாததை வெட்டுவதுதான் நல்ல கடிதத்துக்கு முதல் விதி. நான் வலைத்தள வடிவமைப்பில் இருக்கிறேன், எனக்கு இதுதான் கைகொடுத்தது.

மேசைவிளக்கு

நொய்யல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பட்டியல் போக வேண்டும். ஆனால் ஒரு வாடிக்கையாளரை மட்டும் வைத்துக்கொண்டால் வேறொரு சிக்கல் வரும். 2018 முதல் வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு வேலையைக் காட்டினால், மீதிக் காலத்தில் என்ன செய்தார் என்ற கேள்வி வாசிப்பவர் மனத்தில் எழும். சுயவிவரத்தைத் திறந்தால் அங்கே பம்பு இருக்கும். கடிதம் ஒன்று சொல்ல, சுயவிவரம் வேறொன்று சொல்லும்.

நான் ஒரு ரிமோட் குழுவுக்காக ஒப்பந்த எழுத்தாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்திருக்கிறேன். அந்த மேசையின் மறுபுறம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீண்டகாலப் பணிக்கு ஒரு ஃப்ரீலான்சர் விண்ணப்பித்தால், அவருக்கு எழுதத் தெரியுமா என்பதை மாதிரிப் படைப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். கடிதத்தில் நாங்கள் தேடுவது வேறு. இவர் மூன்றாவது மாதத்தில் வேறொரு சுவையான வேலை வந்ததும் போய்விடுவாரா? பக்கத்தில் யாரும் இல்லாதபோது, கேள்வியைத் தெளிவாக எழுதிக் கேட்டு, பதில் வரும்வரை வேறு வேலையைத் தொடர்வாரா? மற்ற வாடிக்கையாளர்கள் எங்கள் 30 மணி நேரத்தைத் தின்றுவிடுவார்களா?

உங்கள் பத்தி இந்த மூன்றில் எதற்கும் பதில் சொல்லவில்லை. "விரைவாகக் கற்றுக்கொள்வேன்" என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள், அதனால் கண் அதன்மேல் நிற்பதே இல்லை. "எந்த நேரத்திலும் தயார்" என்பது கெடுதலே செய்யும். இவருக்கு வேறு வேலை இல்லை போலும், அல்லது இவர் தன் நாளைத் திட்டமிடுவதில்லை என்றுதான் அதை வாசிப்பார்கள்.

உங்களிடம் சில கேள்விகள். அந்த ஜவுளி நிறுவனத்துக்கு எதற்காக எழுதினீர்கள்? எழுதுவதற்கு முன் அங்கே என்ன சரியாக நடக்கவில்லை? பம்பு நிறுவனத்திலும் அதே கேள்வி. இவர்களில் யார் உங்களை மீண்டும் அழைத்தார்கள்?

கணக்குப்பிள்ளை

வெளிநாட்டு வாடிக்கையாளர் என்பதால் கேட்கிறேன். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், வரி கட்டாமல் சேவை ஏற்றுமதி செய்ய ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்.யு.டி. என்னும் உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்ய வேண்டும். கடிதத்தோடு அதன் நகலையும் இணைத்தால் நீங்கள் முறையாகத் தொழில் செய்பவர் என்று தெரியும் அல்லவா?

மேசைவிளக்கு

எல்.யு.டி. தாக்கல் செய்வது அவசியம்தான், ஐயா. ஆனால் அது நம் நாட்டு வரித்துறைக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். பெர்லினில் கடிதம் படிப்பவருக்கு அந்த நகல் எதையும் சொல்லாது. ஒப்பந்தம் கைக்கு வந்து முதல் விலைப்பட்டியல் அனுப்பும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வைகைக்கரை

எல்.யு.டி. ஆண்டுதோறும் தாக்கல் செய்கிறேன், கணக்குப்பிள்ளை ஐயா. நினைவூட்டியதற்கு நன்றி.

மேசைவிளக்கு ஐயா, கேட்டதற்குப் பதில்.

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவர் ஆர்டர் பதிவு செய்யப் புதிய மென்பொருள் வாங்கினார். அதோடு வந்த கையேடு திரைவாரியாக எழுதப்பட்டிருந்தது: இந்தப் பொத்தான் இதைச் செய்யும், அந்தப் பொத்தான் அதைச் செய்யும் என்று. ஆனால் அங்கே வேலை செய்பவர்கள் கேட்பது, "வாங்குபவர் அளவுப் பிரிவை மாற்றிவிட்டார், இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்பதுதான். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே கை நின்றுபோகிறது என்று பார்த்தேன். பிறகு ஆர்டரின் போக்கிலேயே கையேட்டை மாற்றி எழுதினேன்.

கோவையில் பம்பு தயாரிப்பவருக்கும் கிட்டத்தட்ட அதே கதை. பொருத்தும் குறிப்பில் மின் இணைப்பு முதலில் இருந்தது, குழாயில் தண்ணீர் நிரப்பும் படி கடைசியில் இருந்தது. தண்ணீர் நிரப்பாமலே மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதால் சீல் கெட்டுக்கொண்டிருந்தது. சர்வீஸுக்குப் போகும் பையன்களிடம் பேசித்தான் அதைக் கண்டுபிடித்தேன். 2020 முதல் இன்றுவரை ஒவ்வொரு புதிய மாடலுக்கும் அவர்கள் என்னையே அழைக்கிறார்கள். இப்போது வாரத்துக்கு ஐந்து மணி நேரம் அவர்களுக்கு உண்டு.

பணப்பரிமாற்ற நிறுவனத்தில் வெப்ஹூக் பக்கத்தை மாற்றி எழுதினேன். பணம் வந்ததும் கடையின் சர்வருக்கு ஒரு செய்தி போகும். கடை உரிய நேரத்தில் பதில் தராவிட்டால் அதே செய்தி மீண்டும் போகும். கடைக்காரர்களின் நிரல் அதை இரண்டாவது கட்டணமாக எண்ணி ஒரே ஆர்டரை இரண்டு முறை அனுப்பிவிடும். செய்தியில் உள்ள அடையாள எண்ணைச் சரிபார்த்து, ஏற்கெனவே வந்திருந்தால் விட்டுவிட வேண்டும் என்பது பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பாகக் கிடந்தது. எல்லோரும் மேலே இருந்த மாதிரி நிரலை நகலெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதை சப்போர்ட் பிரிவுக்கு வந்த புகார்களைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சரிபார்ப்பை மாதிரி நிரலுக்குள்ளேயே முதல் படியாக வைக்கச் சொன்னேன்.

மேசைவிளக்கு

உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். மூன்று இடத்திலும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறீர்கள். ஆவணத்தில் செய்தி இருந்தது, ஆனால் அது தேவைப்படும் தருணத்தில் கண்ணில் படவில்லை. நேரில் பார்த்தோ, சர்வீஸ் ஆட்களைக் கேட்டோ, புகார்களைப் படித்தோ அந்தத் தருணத்தைக் கண்டுபிடித்து, வரிசையை மாற்றினீர்கள். உங்கள் கடிதத்தைக் கோக்கும் நூல் இதுதான். துறைகள் அதில் மணிகள். பம்பு இப்போது வெட்ட வேண்டிய பொருள் அல்ல. நீங்கள் பணப்பரிமாற்றத்தில் செய்தது தற்செயல் அல்ல என்பதற்கு அதுவே சான்று.

எல்லாவற்றுக்கும் சம இடம் தர வேண்டாம். வெப்ஹூக் கதைக்கு ஒரு முழுப் பத்தி, மற்ற இரண்டுக்கும் சேர்த்து இரண்டு வரி போதும். மருத்துவமனையும் கல்வியும் சுயவிவரத்தில் இருக்கட்டும்.

இன்னொரு கேள்வி. வெப்ஹூக் பக்கத்தை மாற்றிய பிறகு என்ன ஆனது? எண்ணிக்கை ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?

வைகைக்கரை

எண்ணிக்கை இல்லை ஐயா. சப்போர்ட் பிரிவின் பொறுப்பாளர் "இப்போது இந்தக் கேள்வி குறைந்துவிட்டது" என்று சொன்னார். அதன் பிறகு யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தின் இணைப்பையே பதிலாக அனுப்புகிறார்கள்.

நொய்யல்

"புகார்கள் 40 சதவீதம் குறைந்தன" என்று போடுங்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எண் இல்லாத கடிதம் எடுபடாது.

மேசைவிளக்கு

கூடவே கூடாது, நண்பரே. நேர்காணலில் முதல் கேள்வியே "எதிலிருந்து எவ்வளவாகக் குறைந்தது, எவ்வளவு காலத்தில்?" என்பதாக இருக்கும். அங்கே தடுமாறினால் உண்மையான மீதிக் கதையும் சேர்ந்து விழும். மேலும் இது மற்றவருடைய பணத்தைக் கையாளும் நிறுவனம். இல்லாத எண்ணை எழுதுபவரை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

"சப்போர்ட் பிரிவு இன்று அந்தப் பக்கத்தையே பதிலாக அனுப்புகிறது" என்பது எந்தச் சதவீதத்தையும்விட வலுவானது. ஏனென்றால் அது கண்ணால் காணக்கூடிய செயல். ஆவணம் எழுதுபவர்களைப் பணியமர்த்தும் எவருக்கும் அதன் பொருள் உடனே புரியும்.

ஊசியிலை

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். நான் வடிவமைப்பாளர். அக்காவுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இப்படியொரு ஓராண்டு ஒப்பந்தத்துக்கு விண்ணப்பித்தபோது, "உங்களுக்காக மற்ற வாடிக்கையாளர்கள் எல்லோரையும் விட்டுவிடுவேன்" என்று கடிதத்திலேயே எழுதினேன். வேலை கிடைத்தது, சொன்னபடி எல்லோரையும் விட்டேன். ஆண்டு முடியும் முன்பே அந்த நிறுவனத்தின் திட்டம் மாறியது. ஒப்பந்தத்தில் 30 நாள் முன்னறிவிப்பு இருந்தது, அதன்படி முடித்துக்கொண்டார்கள். பழைய வாடிக்கையாளர்கள் அதற்குள் வேறு ஆட்களைப் பிடித்துவிட்டார்கள். 12 மாதம் என்று விளம்பரத்தில் இருந்தாலும், முன்னறிவிப்புக் காலம் எவ்வளவோ அவ்வளவுதான் உங்களுக்கு உறுதியான வேலை. அந்தப் பம்பு நிறுவனத்தை விட்டுவிடாதீர்கள்.

நொய்யல்

ஆனால் பம்பு நிறுவனத்துக்கு இன்னும் வேலை செய்கிறேன் என்று எழுதினால் கவனம் பிரிந்தவர் என்று நினைக்க மாட்டார்களா? கடிதத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமே.

மேசைவிளக்கு

இதில் என் கருத்து ஊசியிலை பக்கம்தான். சொல்ல வேண்டும், ஆனால் அளவோடு சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஐந்து மணி நேரம், காலை வேளையில், 2020 முதல் தொடர்கிறது. இந்த ஒரு வரி இரண்டு வேலை செய்கிறது. எங்கள் நேரம் தின்னப்படாது என்று காட்டுகிறது, ஒரே வாடிக்கையாளரோடு பல ஆண்டுகள் நிலைத்திருப்பவர் என்றும் காட்டுகிறது. போய்விடுவாரோ என்ற அச்சத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ஜெர்மனி என்பதால் இன்னொன்றும் உண்டு. சுயதொழில் செய்பவர் என்று பெயருக்கு எழுதிக்கொண்டு ஒருவரை ஊழியரைப் போலவே நடத்துவதை அங்கே கடுமையாகப் பார்க்கிறார்கள். சிக்கினால் சமூகக் காப்பீட்டுத் தொகையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு நிறுவனத்திடம் வசூலிப்பார்கள். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதும் அவர்கள் கவனிக்கும் அடையாளங்களில் ஒன்று. அதனால் உங்களுக்கு வேறு வாடிக்கையாளர் இருப்பது அவர்களுக்கும் நல்லது.

ஊசியிலை

அந்தச் சட்டம் ஜெர்மனிக்குள் இருந்து வேலை செய்பவர்களுக்கு அல்லவா? மதுரையில் இருப்பவருக்கு எப்படிப் பொருந்தும்?

மேசைவிளக்கு

சரியான கேள்வி. அது முதன்மையாக அங்கே வேலை செய்பவர்களைக் குறித்ததுதான். இந்தியாவில் இருப்பவர் விஷயத்தில் அதே அளவு அச்சம் இருக்காது. ஆனால் பல நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் எல்லா ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம்தான் தயாரிக்கிறார்கள். அதனால் அந்த எச்சரிக்கை நம்மையும் தொடும். கடிதத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். சம்பளம், விடுப்பு, பணியில் சேரும் நாள் போன்ற ஊழியர் மொழியைத் தவிர்த்தால் போதும். மாதக் கட்டணம், விலைப்பட்டியல், தொடங்கக்கூடிய நாள் என்று எழுதுங்கள்.

வைகைக்கரை

பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லலாமா? ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

மேசைவிளக்கு

அந்த ஒப்பந்தத்தை எடுத்து மீண்டும் படியுங்கள். சிலவற்றில் உள்ளே பார்த்த செய்திகளை மட்டும் வெளியிடக் கூடாது என்று இருக்கும். சிலவற்றில் அவர்களுக்கு வேலை செய்ததையே சொல்லக் கூடாது என்று இருக்கும். இரண்டாவது வகை என்றால் "இந்தியாவில் கடைகளுக்குப் பணம் வசூலித்துத் தரும் ஒரு நிறுவனம்" என்று எழுதுங்கள். பெயர் சொல்லாததற்கு ஒப்பந்தமே காரணம் என்பதையும் அரை வரியில் சேருங்கள். அடுத்தவர் ரகசியத்தைக் காப்பவர் எங்கள் ரகசியத்தையும் காப்பார் என்று அவர்கள் எண்ணுவார்கள்.

பெயர் இல்லாவிட்டால் மாதிரியையாவது பொதுவில் காட்ட வேண்டும். வெளியே எவரும் பார்க்கக்கூடிய வெப்ஹூக் பக்கம் என்றால் இணைப்புத் தரலாமா என்று பழைய வாடிக்கையாளரிடமே கேளுங்கள். இல்லையென்றால் திறந்த மூல மென்பொருள் ஒன்றின் ஆவணத்தில் திருத்தம் அனுப்பி, அங்கே பராமரிப்பாளர்களோடு நடந்த உரையாடலின் இணைப்பைக் கொடுங்கள். எழுத்தில் கேள்வி கேட்டுப் பதில் பெறும் உங்கள் முறையே அதில் தெரியும். ரிமோட் குழு பார்க்க விரும்புவதும் அதுதான்.

நேரத்தையும் துல்லியமாக எழுதுங்கள். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். பலர் இதைக் கவனிக்காமல் ஒரே ஒரு நேரத்தை எழுதி அனுப்புகிறார்கள்.

வைகைக்கரை

அப்படியானால் நம் நேரப்படி பிற்பகல் 1.30 முதல் 6.30 வரை வைத்துக்கொண்டால், பெர்லினில் குளிர்காலத்தில் 9 முதல் 2 வரை, கோடையில் 10 முதல் 3 வரை வருகிறது. இரண்டு பருவத்திலும் ஐந்து மணி நேரம் பொருந்துகிறது. நான் நேரத்தை மாற்றிக்கொள்ளவே தேவையில்லை.

ரகசிய ஒப்பந்தத்தைப் படித்துவிட்டேன், பெயரையும் சொல்லக் கூடாது என்றுதான் இருக்கிறது. இணைப்பைக் கேட்டபோதும் மறுத்துவிட்டார்கள். ஆனால் திறந்த மூலத் திட்டம் ஒன்றில் என் திருத்தங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மாற்றி எழுதிய கடிதம் இதோ, ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் வடிவம்:

> "வணக்கம். உங்கள் வெப்ஹூக் ஆவணத்தைப் படித்தேன். ஒரே செய்தி இரண்டு முறை வரலாம் என்ற எச்சரிக்கை மாதிரி நிரலுக்குப் பிறகு வருகிறது. நிரலை நகலெடுத்தவுடன் பக்கத்தை மூடிவிடுபவர் அதைப் பார்க்க வாய்ப்பில்லை.
>
> இந்தச் சிக்கலை நான் முன்பே சந்தித்திருக்கிறேன். இந்தியாவில் கடைகளுக்குப் பணம் வசூலித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் (ரகசிய ஒப்பந்தத்தால் பெயரைச் சொல்ல இயலாது) கடைக்காரர்கள் ஒரே ஆர்டரை இரண்டு முறை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சப்போர்ட் பிரிவுக்கு வந்த புகார்களைப் படித்துக் காரணத்தைக் கண்டறிந்தேன். பொறியாளர்களோடு எழுத்தில் பேசி, அடையாள எண்ணைச் சரிபார்ப்பதை மாதிரி நிரலின் முதல் படியாக மாற்றினோம். இன்று இந்தக் கேள்வி வந்தால் சப்போர்ட் பிரிவு அந்தப் பக்கத்தையே பதிலாக அனுப்புகிறது.
>
> 2018 முதல் என் வேலை பெரும்பாலும் இதுவே: பயனர் எங்கே நின்றுபோகிறார் என்று கண்டறிந்து, அந்த இடத்துக்குச் செய்தியைக் கொண்டுவருவது. ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் ஆர்டர் கையேட்டிலும், பம்பு பொருத்தும் குறிப்பிலும் இதையே செய்தேன். பம்பு நிறுவனம் 2020 முதல் என் வாடிக்கையாளர். அவர்களுக்கு வாரத்துக்கு ஐந்து மணி நேரம், காலையில் ஒதுக்குகிறேன். அது தொடரும்.
>
> உங்கள் 30 மணி நேரத்தில், ஒவ்வொரு வேலை நாளும் ஐந்து மணி நேரம் பெர்லின் நேரத்தோடு பொருந்தும்: குளிர்காலத்தில் 9 முதல் 2, கோடையில் 10 முதல் 3. திறந்த மூலத் திட்டமொன்றில் என் திருத்தங்களும் அவை பற்றிய உரையாடலும் கீழுள்ள இணைப்பில் இருக்கின்றன."

மேசைவிளக்கு

இதை நான் வாசித்திருந்தால் உங்களை நேர்காணலுக்கு அழைத்திருப்பேன். முதல் பத்தி குறித்து மட்டும் ஓர் எச்சரிக்கை. அவர்கள் ஆவணத்தில் குறை சொல்வதற்கு முன், இன்று அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறதா என்று அனுப்பும் நாளில் மீண்டும் பாருங்கள். அதற்குள் திருத்தியிருந்தால் கடிதம் முழுவதும் சரிந்துவிடும். "பார்க்க வாய்ப்பில்லை" என்பதைக் கொஞ்சம் தளர்த்தி "தவறவிடக்கூடும்" என்று எழுதுங்கள். அதை எழுதியவரே உங்கள் கடிதத்தைப் படிக்கக்கூடும்.

ஊசியிலை

முதல் வரியிலேயே குறை சொல்வது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்தப் பத்தியை இரண்டாவதாக வைத்து, உங்கள் அனுபவத்தை முதலில் வைத்தால் என்ன?

மேசைவிளக்கு

அப்படிச் செய்தால் மீண்டும் "நான்" என்று தொடங்கும் கடிதமாகிவிடும் என்பது என் எண்ணம். ஆனாலும் ஊசியிலை சொல்வதை ஒதுக்க மாட்டேன், சில குழுக்கள் முன்பின் தெரியாதவர் சொல்லும் குறையை ரசிப்பதில்லை. அந்த நிறுவனத்தின் வலைப்பதிவில் தங்கள் தவறுகளை வெளிப்படையாக எழுதுகிறார்களா என்று பாருங்கள். எழுதுகிறார்கள் என்றால் இந்த வரிசை அவர்களுக்குப் பிடிக்கும்.

நொய்யல்

கட்டணம் எவ்வளவு என்று கடிதத்தில் வேண்டாமா?

வைகைக்கரை

விண்ணப்பப் படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது, நொய்யல். மாதக் கட்டணத்தை யூரோவில் அங்கே எழுதிவிட்டேன். வலைப்பதிவையும் பார்த்தேன். தங்கள் சேவை தடைப்பட்ட நாள்களைப் பற்றிக் காரணத்தோடு விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதனால் முதல் பத்தி அதே இடத்தில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன், "தவறவிடக்கூடும்" என்று மாற்றிவிட்டேன். முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்பதை நேர்காணலில் கேட்கக் குறித்துவைத்திருக்கிறேன், ஊசியிலை. வெப்ஹூக் பக்கத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு நாளை காலை அனுப்புகிறேன்.

ஊசியிலை

30 நாளுக்குக் குறைவாகச் சொன்னால் 60 கேளுங்கள், அக்கா. இரண்டு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.